ஒரு சின்னக் கட்டத்தின் மதிப்பு எவ்வளவு?

கேள்வி: "கடலூர் திருப்பாப்புலியூரில் இருக்கிறோம். என் பொண்ணு எட்டாவது படிக்கிறாள். அறிவியல் பணித்தாளில் சுடுநீர் ஆறும் கோட்டு வரைபடம் கொடுத்து, 7-ஆம் நிமிடத்தில் வெப்பநிலை எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். அவள் 53 என்று எழுதினாள். 56 என்று திருத்தியிருக்கிறார்கள். கீழே மாத மழை பட்டை வரைபடத்தில் நவம்பருக்கு 350 என்று எழுதியதற்கு 340 என்று போட்டிருக்கிறார்கள். அதில் கட்டமே இல்லை. ஜெராக்ஸ் தாளில் இவ்வளவு துல்லியமாக எப்படிப் படிக்க முடியும்? தாளின் படத்தை இணைத்திருக்கிறேன்."

பதில்:

நீங்கள் இணைத்த படத்தை அச்செடுத்து, அடிக்கோல் வைத்து நானும் அளந்து பார்த்தேன். இரண்டு திருத்தமும் சரிதான். ஆனால் உங்கள் பெண் செய்த தவறு இரண்டிலும் ஒன்றல்ல. முதலாவதில் அவள் கட்டங்களைச் சரியாகவே எண்ணியிருக்கிறாள், ஒரு கட்டத்தின் மதிப்பைத்தான் தவறாக எடுத்துக்கொண்டாள். இரண்டாவதில் அளக்க வேண்டிய இடத்தில் கண்ணால் மதிப்பிட்டுவிட்டாள். புதுச்சேரியில் பல வருடம் நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்தவன் நான். இந்த இரண்டு தவறையும் பிரித்துக் காட்டிவிட்டால் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒவ்வொன்றாகவே போகிறேன்.

கோட்டு வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். கிடை அச்சில் 0, 5, 10, 15, 20 என்று நிமிடங்கள் இருக்கின்றன. செங்குத்து அச்சில் 30, 40, 50 என்று 90 வரை டிகிரி செல்சியஸ். எண் எழுதிய இரண்டு கோடுகளுக்கு நடுவே எண் இல்லாத மெல்லிய கோடுகள் நான்கு. கிடை அச்சில் 5-லிருந்து 10 வரை ஐந்து இடைவெளி, ஆகவே ஒரு கட்டம் 1 நிமிடம். உங்கள் பெண் 7-ஆம் நிமிடத்தைக் கண்டுபிடிக்க 5-க்கு அப்புறம் இரண்டு கட்டம் போயிருக்கிறாள். அது சரி. அங்கிருந்து மேலே போய் வளைகோட்டைத் தொட்டு, இடப்பக்கம் வந்து, 50-க்கு மேலே மூன்றாவது கோட்டில் நின்றிருக்கிறாள். அதுவும் சரி. அந்த இடத்தில் 50-ம் மூன்றும் 53 என்று கூட்டிவிட்டாள். கிடை அச்சில் ஒரு கட்டம் ஒன்றாக இருந்ததால், செங்குத்து அச்சிலும் ஒன்று என்று கை தானாகவே எடுத்துக்கொண்டது. செங்குத்து அச்சில் 50-லிருந்து 60 வரை பத்து டிகிரி. அதையும் ஐந்து இடைவெளியாகத்தான் பிரித்திருக்கிறார்கள். அப்படியானால் ஒரு கட்டம் 2 டிகிரி. மூன்று கட்டம் 6 டிகிரி. 56.

இரண்டு அச்சுக்கும் அளவுத்திட்டம் தனித்தனி என்பது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். ஆனாலும் கை பழக்கத்தில் தவறுகிறது. அதனால் நான் வகுப்பில் ஒரு வேலை வைத்திருந்தேன். வரைபடத்தைப் படிப்பதற்கு முன்னால், எண் எழுதிய ஒரு கோட்டிலிருந்து அடுத்த எண் வரை விரலை ஒவ்வொரு கோடாக ஏற்றி, மதிப்பை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உங்கள் தாளில் "ஐம்பது, ஐம்பத்திரண்டு, ஐம்பத்து நான்கு, ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு" என்று சொல்லிப் போனால் அடுத்த கோட்டில் விரல் வரும்போது வாய் "அறுபது" என்று சொல்லும், தாளிலும் 60 என்று அச்சாகியிருக்கும். மதிப்பைத் தவறாக எடுத்திருந்தால் "ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு" என்று போய், "ஐம்பத்தைந்து" என்று சொல்லும்போது விரல் 60-இல் நிற்கும். வாயும் தாளும் ஒத்துப்போகவில்லை என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும். ஆசிரியர் வந்து சொல்ல வேண்டியதில்லை. இரண்டு அச்சிலும் ஒருமுறை இப்படி ஏறிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

இதே வேலை இன்னொரு தவறையும் காட்டிக்கொடுக்கும். சில பிள்ளைகள் இடைவெளியை எண்ணாமல் கோட்டை எண்ணுவார்கள். 50-க்கும் 60-க்கும் நடுவே நான்கு கோடுதான் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் பத்தை நான்கால் வகுத்து 2.5 என்று போட்டுவிடுவார்கள். கையை விரித்துக் காட்டுங்கள்: விரல் ஐந்து, விரலிடுக்கு நான்கு. வரைபடத்திலும் 50, 60 கோடுகளைச் சேர்த்து எண்ணினால் கோடு ஆறு, இடுக்கு ஐந்து. நமக்கு வேண்டியது இடுக்கு. 2.5 என்று ஏறினால் நான்காவது கோட்டிலேயே வாய் "அறுபது" என்றுவிடும், தாளில் 60 இன்னும் ஒரு கோடு தள்ளி இருக்கும்.

ஜெராக்ஸைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நகலில் உண்மையாகவே கெடுவது முதலில் இந்த மெல்லிய கோடுகள்தான். மூலத்தாளில் கட்டம் இளநீலத்தில் இருந்திருந்தால் மெஷின் அதைப் பல நேரம் சரியாகப் பிடிக்காது. நகலை வைத்து இன்னொரு நகல் எடுத்தால் நான்கில் ஒரு கோடு காணாமல்கூடப் போய்விடும். உங்கள் தாளில் 70-க்கும் 80-க்கும் நடுவே மூன்று கோடுதான் தெரிகிறது, பார்த்தீர்களா? அங்கே எண்ணியிருந்தால் ஏமாந்திருப்போம். கட்டம் தெளிவாக இருக்கும் வேறு இடத்தில் எண்ணிக்கொண்டு அதே மதிப்பை மற்ற இடத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் பள்ளி வரைபடங்களில் ஒரே அச்சில் அளவுத்திட்டம் நடுவில் மாறாது. கோடு விழுந்த இடத்தில் அடுத்தடுத்த கோடுகளின் இடைவெளியைப் பாருங்கள். ஒன்று மட்டும் இரட்டிப்பாக இருந்தால் அங்கே ஒரு கோடு மறைந்திருக்கிறது.

அடுத்தது, கிடை அச்சிலிருந்து மேலே போய் இடப்பக்கம் திரும்பும் பயணம். கட்டம் இருந்தால் கோட்டைப் பிடித்துக்கொண்டே போகலாம். கட்டம் மங்கலாக இருந்தால் பிள்ளைகள் விரலை வைத்து மேலே இழுப்பார்கள், விரல் போகும்போதே சாயும். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் மூலைமட்டத்தின் ஒரு விளிம்பை அச்சின் மேல் வைத்து, மற்ற விளிம்பை ஒட்டிக் கூர்மையான பென்சிலால் மெல்லிய கோடு இழுப்பதுதான் சரியான முறை. மூலைமட்டத்தை அச்சின் மேல்தான் வைக்க வேண்டும், தாளின் ஓரத்தோடு சேர்த்து வைக்கக் கூடாது. ஜெராக்ஸில் படம் கொஞ்சம் சாய்வாக விழுந்திருக்கலாம். படம் முழுவதும் சேர்ந்து சாய்ந்திருந்தால் அதனால் ஒரு கெடுதலும் இல்லை, அச்சுகளுக்கு இடையே உள்ள செங்கோணம் அப்படியேதான் இருக்கும். தாளின் ஓரத்தை நம்பினால்தான் தவறு வரும்.

பென்சில் கோடு சாய்ந்தால் அது எவ்வளவு கெடுக்கும் என்பது வளைகோட்டின் செங்குத்தைப் பொறுத்தது. இதைப் பணித்தாள்களில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, ஆனால் தெரிந்தால் பிள்ளைகளுக்கு வரைபடத்தின் மேல் ஒரு பிடி வரும். உங்கள் தாளில் நீர் 80 டிகிரியில் தொடங்குகிறது. முதல் ஐந்து நிமிடத்தில் 61-க்கு இறங்கிவிடுகிறது. கடைசி ஐந்து நிமிடத்தில் 42-லிருந்து 38-க்குத்தான் இறங்குகிறது. சுற்றியிருக்கும் காற்றைவிட நீர் மிகச் சூடாக இருக்கும்போது வெப்பம் வேகமாக வெளியேறும், வித்தியாசம் குறையக் குறைய வேகமும் குறையும். அதனால் தொடக்கத்தில் கோடு சரிந்து விழுகிறது, முடிவில் ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. முதல் நிமிடத்தின் அருகே பென்சில் கோடு அரைக் கட்டம், அதாவது அரை நிமிடம், தள்ளிப்போனால் வெப்பநிலை சுமார் 2 டிகிரி மாறிவிடும். அதே அரைக் கட்டம் 18-ஆம் நிமிடத்தில் தள்ளிப்போனால் அரை டிகிரிகூட மாறாது. கோடு செங்குத்தாக இருக்கும் இடத்தில்தான் மூலைமட்டம் கட்டாயம் வேண்டும்.

கேள்வியைத் திருப்பிக் கேட்டால் நிலைமையும் திரும்பிவிடும். உங்கள் தாளிலேயே மூன்றாவது கேள்வி அப்படித்தான் இருக்கிறது: எத்தனையாவது நிமிடத்தில் வெப்பநிலை 45 டிகிரி ஆகும்? இங்கே செங்குத்து அச்சில் தொடங்க வேண்டும். 45-க்கு கோடு கிடையாது. 44-க்கும் 46-க்கும் இருக்கிறது, அவற்றின் சரிபாதியில் அச்சில் ஒரு புள்ளி வைத்து வலப்பக்கம் போய், வளைகோட்டைத் தொட்டுக் கீழே இறங்கினால் 13-ஆம் நிமிடத்தின் மேல் வந்து நிற்கும். உங்கள் பெண் 13 என்று சரியாகவே எழுதியிருக்கிறாள். ஆனால் இதே கேள்வி 39 டிகிரிக்குக் கேட்டிருந்தால், கோடு படுத்திருக்கும் அந்த இடத்தில், உயரத்தில் ஒரு டிகிரி பிசகினாலும் நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகும். அங்கே பிள்ளைகளின் விடை ஆளுக்கு ஒன்றாக இருப்பதில் ஆச்சரியமில்லை. நல்ல ஆசிரியர் அந்த இடத்தில் கேள்வி கேட்கமாட்டார், கேட்டால் விடைக்கு இடம் விட்டுத் திருத்துவார்.

கோட்டு வரைபடத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லிவிட்டு மழைக்கு வருகிறேன். உங்கள் தாளில் 0, 5, 10, 15, 20 ஆகிய ஐந்து இடத்தில்தான் கரும்புள்ளி இருக்கிறது. வெப்பமானியை வைத்து அளந்தது அந்த ஐந்து தடவைதான். 7-ஆம் நிமிடத்தில் யாரும் அளக்கவில்லை. நடுவில் உள்ள கோடு, நீர் படிப்படியாகத்தான் ஆறியிருக்கும் என்ற நம்பிக்கையில் வரைந்தது. அதனால் 5-ஆம் நிமிடத்தில் எவ்வளவு என்று கேட்டால் புள்ளியின் நடுவைப் படிக்க வேண்டும், கோட்டைப் படிக்கக் கூடாது. 7-ஆம் நிமிடத்துக்குக் கோட்டைப் படிக்கலாம். அந்தக் கோடு வளைவாக வரைந்ததா, புள்ளிக்குப் புள்ளி நேராக இணைத்ததா என்பதைப் பொறுத்து விடையே கொஞ்சம் மாறும். 61-லிருந்து 50-க்கு நேர்கோடு இழுத்தால் 7-ஆம் நிமிடத்தில் 56.6 வரும். உங்கள் தாளில் உள்ள வளைகோட்டில் 56. வித்தியாசம் ஒரு கட்டத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, அதனால் இரண்டையும் ஒரே விடையாக எடுத்துக்கொள்ளலாம். 53 அந்த வரம்புக்குள் வராது.

இனி மழை. இந்தப் பட்டை வரைபடத்தில் உள்ளவை பயிற்சிக்காகப் போட்ட எண்கள், வானிலைத் துறையின் பதிவு அல்ல. ஆனால் வடிவம் நம் ஊர் மழையின் வடிவம்தான்: அக்டோபர், நவம்பர், டிசம்பரில் உயர்ந்த பட்டைகள், பிப்ரவரி, மார்ச்சில் தரையோடு ஒட்டிய பட்டைகள். கடலூர், புதுச்சேரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிறது என்பதால், படித்து முடித்த பிறகு ஒருமுறை ஊர் அனுபவத்தோடு ஒட்டிப் பார்க்கலாம். ஒரு பிள்ளை மார்ச்சுக்கு 300 என்று எழுதியிருந்தால் பட்டையை மாற்றிப் படித்திருக்கிறாள் என்று உடனே தெரியும்.

செங்குத்து அச்சில் 0, 100, 200, 300, 400 என்று மில்லிமீட்டரில் எண்கள். நடுவே ஒரு கோடும் இல்லை. நவம்பர் பட்டை 300-க்கும் 400-க்கும் நடுவே முடிகிறது. நடுவே என்றவுடன் கண் பாதி என்று சொல்லிவிடும், அதுதான் 350. இப்படிப்பட்ட தாளில் கண்ணை நம்பாமல் அடிக்கோலை எடுக்க வேண்டும். நான் அச்செடுத்த தாளில் 0-லிருந்து 400 வரை அச்சின் நீளம் 62 மில்லிமீட்டர். நவம்பர் பட்டையின் உயரம் 53 மில்லிமீட்டர். அடிக்கோலில் 62 மில்லிமீட்டர் 400 மில்லிமீட்டர் மழையைக் குறிக்கிறது என்றால் 53 எவ்வளவைக் குறிக்கும்?

53 ÷ 62 × 400 = 342

350 ஆக இருந்தால் பட்டை 54 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போயிருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம், அடிக்கோலில் அது தெளிவாகத் தெரியும். அதனால் 350 இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். 342 என்பது 340-தானா, 345-ஆ என்று கேட்டால், அடிக்கோலில் நாம் அரை மில்லிமீட்டர் வரைதான் பார்க்க முடியும், அந்த அரை மில்லிமீட்டர் இந்தத் தாளில் 3 மில்லிமீட்டர் மழை. பட்டை வரைந்த கோட்டின் தடிமனும் சேர்ந்தால் 5 வரை தள்ளிப்போகலாம். ஆகவே 340 என்று முழுமைப்படுத்தி எழுதுவதுதான் நேர்மையான விடை.

உங்கள் வீட்டுத் தாளில் 62-ம் 53-ம் வராது. உங்கள் ஜெராக்ஸின் அளவு வேறு, நான் அச்செடுத்த தாளின் அளவு வேறு. இரண்டு நீளத்தையும் ஒரே தாளில் அளந்தால் போதும். தாள் சிறிதானால் அச்சும் பட்டையும் ஒரே விகிதத்தில் சிறிதாகும், வகுத்தால் அதே 342-க்கு அருகில்தான் வரும். ஜெராக்ஸைப் பற்றிய உங்கள் கவலைக்கு இதுவே பதில்: நகல் நீளத்தை மாற்றும், விகிதத்தை மாற்றாது.

இங்கே பிள்ளைகள் குறுக்குவழி ஒன்றைக் கையாளுவார்கள். முழு அச்சையும் அளக்காமல் 0-லிருந்து 100 வரை மட்டும் அளப்பார்கள். நான் அச்செடுத்த தாளில் அது பதினைந்தரை மில்லிமீட்டர். ஒருத்தி 15 என்று படித்தால் விடை 353. அடுத்தவள் 16 என்று படித்தால் 331. அதே பட்டை, அதே 53, விடையில் மட்டும் 22 வித்தியாசம். சின்ன நீளத்தை அளந்து பெருக்கும்போது அளப்பதில் உள்ள பிசகும் சேர்ந்து பெருகிவிடுகிறது. முழு அச்சையும் அளந்தால் அதே அரை மில்லிமீட்டர் பிசகு 62-இல் கரைந்துபோகும். அதனால் எப்போதும் எண் எழுதிய மிகத் தூரமான இரண்டு கோடுகளை எடுத்து அளக்கச் சொல்லுங்கள்.

அடிக்கோலின் பூஜ்ஜியத்தை அச்சின் 0 கோட்டின் நடுவில் வைக்க வேண்டும். சில அடிக்கோல்களில் விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் பூஜ்ஜியம் தொடங்கும், விளிம்பை வைத்து அளந்தால் ஒவ்வொரு பட்டையும் அந்த அளவு குறைந்துவிடும். பட்டையின் மேல்கோட்டிலும் நடுவைத்தான் படிக்க வேண்டும். முப்பரிமாணப் பெட்டி மாதிரி வரைந்த பட்டைகளாக இருந்தால் முன்பக்க முகத்தின் மேல்விளிம்புதான் உயரம், பின்னால் சாய்ந்து போகும் மூடியைக் கணக்கில் எடுக்கக் கூடாது. இந்த மாதிரிப் படங்களைப் பணித்தாளில் போடுவதே எனக்குப் பிடிக்காது. பார்க்க அழகாக இருக்கும், படிக்க முடியாது.

இப்போது ஒரு பழைய விஷயம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் காகிதத்தை மிச்சப்படுத்த இரண்டு பக்கத்தை ஒரே தாளில் சுருக்கி நகல் எடுத்தார்கள். வரைபடத்தின் மூலையில் "அளவுத்திட்டம்: 1 செ.மீ. = 10 டிகிரி" என்று அச்சாகியிருந்தது. கட்டம் மங்கலாக இருந்ததால் பிள்ளைகள் அடிக்கோலை எடுத்து அளந்தார்கள். மூன்றரை செ.மீ. வந்தது, 35 என்று எழுதினார்கள். ஆசிரியருக்கான விடைக்குறிப்பில் 50. வகுப்பில் பாதிப் பேர் 35 என்று எழுதியிருந்தார்கள், நான் எல்லாருக்கும் தவறு என்று போட்டுவிட்டேன். ஒரு பெண் மட்டும் அடிக்கோலோடு மேசைக்கு வந்து, "சார், இதுல பத்துக்கும் இருபதுக்கும் நடுவுல ஒரு செ.மீ. இல்ல, ஏழு மி.மீ.தான் இருக்கு" என்று வைத்துக் காட்டினாள். ஒரு பக்கத்தை அரைப் பக்கமாகச் சுருக்கினால் நீளமும் அகலமும் சுமார் 71 விழுக்காடாகக் குறையும். பத்து மில்லிமீட்டர் ஏழாகிவிடும். எண்களும் கோடுகளும் சேர்ந்து சுருங்கியதால் அச்சில் உள்ள எண்கள் உண்மையைச் சொல்கின்றன. மூலையில் எழுதியிருந்த அந்த ஒரு வரி மட்டும் சுருக்கிய தாளுக்குப் பொருந்தாத பழைய வரி. அன்றைக்கே எல்லாருடைய மதிப்பெண்ணையும் மாற்றினேன்.

ஸ்கேல் என்ற ஒரே வார்த்தையால் நாம் அடிக்கோலையும் சொல்கிறோம், அளவுத்திட்டத்தையும் சொல்கிறோம். அதனாலேயே இந்தக் குழப்பம் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நகல் தாளில் செ.மீ. போட்ட அளவுத்திட்ட வரி இருந்தால், அச்சில் எண் எழுதிய இரண்டு கோட்டின் இடைவெளியை அளந்து அந்த வரி இன்னும் உண்மையா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அதை விட்டுவிட்டு, மழைக்குச் செய்த மாதிரி விகிதத்தால் போங்கள்.

விகித முறை தோற்கும் இடமும் உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் பணித்தாளை பிரவுசிங் சென்டரில் அச்செடுக்கும்போது, அது சாய்வாகப் பிடித்த போனில் எடுத்த படமாக இருந்தால், தாளின் தூரப் பக்கம் சின்னதாகவும் அருகில் உள்ள பக்கம் பெரிதாகவும் விழும். அப்போது 0-லிருந்து 100 வரை உள்ள நீளமும் 300-லிருந்து 400 வரை உள்ள நீளமும் சமமாக இருக்காது. கெட்டியான புத்தகத்தை விரித்து நகல் எடுத்தால் தையல் பக்கத்தில் கோடுகள் வளைவதும் இப்படித்தான். கண்டுபிடிப்பது சுலபம்: ஒவ்வொரு நூறுக்கும் இடைவெளியை அளந்து பாருங்கள். உங்கள் படத்தில் எல்லாமே பதினைந்தரைக்கு அருகில் இருக்கின்றன, நேர் மேலிருந்து எடுத்திருக்கிறீர்கள். சமமில்லாத தாளில் முழு அச்சை வைத்துக் கணக்கிடக் கூடாது. பட்டை முடியும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் உள்ள இரண்டு எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த இடைவெளிக்குள் எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும். துல்லியம் குறையும், ஆனால் பெரிய தவறு வராது.

விகிதம் போடும்போது எந்த எண்ணிலிருந்து தொடங்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். மழைப் படத்தில் அச்சு 0-லிருந்து தொடங்கியதால் வகுத்துப் பெருக்கினால் போதுமாக இருந்தது. உங்கள் வெப்பநிலைப் படத்தின் அச்சு 30-லிருந்து தொடங்குகிறது. அங்கே அடியிலிருந்து 90 வரை உள்ள நீளம் 60 டிகிரியைக் குறிக்கிறது, 90 டிகிரியை அல்ல. அளந்த உயரத்தை அந்த 60-இல் பங்கிட்டுவிட்டு, கடைசியில் 30-ஐக் கூட்ட வேண்டும். கூட்ட மறந்தால் 7-ஆம் நிமிடத்துக்கு 26 வரும். சுடவைத்த நீர் அறையின் வெப்பநிலைக்கும் கீழே போய்விட்டது என்று பொருள் வருவதால், அந்த விடை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

அச்சில் ஒரு நெளிகோடு இருந்தால், நடுவில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. அந்த வாரத்தின் நாள் மழையைப் பட்டை வரைபடமாகப் போட்டால் அந்த ஒரு பட்டை மட்டும் வானத்துக்குப் போய், மற்ற நாட்களின் பட்டைகள் தரையில் கிடக்கும். அதைத் தவிர்க்கத்தான் உயர்ந்த பட்டையின் நடுவில் நெளிகோடு போட்டு உயரத்தைக் குறைப்பார்கள். அந்தப் பட்டையை அடிக்கோலால் அளந்தால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் இல்லை. அதன் தலையில் எண் எழுதியிருந்தால் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். நெளிவுக்கு மேலே அச்சில் எண்கள் தொடர்ந்தால், நெளிவுக்கு மேலே உள்ள எண்களை மட்டும் வைத்துப் படிக்க வேண்டும். நான் இங்கே செ.மீ. என்றும் உங்கள் தாள் மி.மீ. என்றும் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். செய்திகளில் மழை பெரும்பாலும் செ.மீ.யில் வரும், பணித்தாளில் மி.மீ.யில் வரும். அச்சின் தலைப்பைப் படிக்காமல் எழுதினால் விடை பத்து மடங்கு மாறிப்போகும்.

கடைசியாக, எத்தனை இலக்கம் எழுதலாம் என்பது. கட்டம் உள்ள படத்தில் ஒரு சின்னக் கட்டத்தின் பாதி வரைதான் கண்ணால் நம்பிப் படிக்க முடியும். உங்கள் தாளில் அது 1 டிகிரி. ஆகவே 56 என்று எழுதலாம். 55-ம் 57-ம்கூட அந்த வரம்புக்குள் வருவதால் நான் திருத்தினால் மதிப்பெண் கொடுப்பேன். 56.4 என்று எழுதினால் அந்தப் புள்ளி நான்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பேன், ஏனென்றால் அந்தத் தாளில் அதைப் பார்க்க வழியே இல்லை. மழைக்கும் அப்படித்தான். கால்குலேட்டர் 341.935 என்று காட்டும், அதை அப்படியே எழுதக் கூடாது, 340. உங்கள் பெண் 345 என்று எழுதி அது தவறு என்று போட்டிருந்தால், தாளையும் அடிக்கோலையும் எடுத்துக்கொண்டு போய் ஆசிரியரிடம் அளந்து காட்டச் சொல்லியிருப்பேன்.